கதைத் திருத்தம்: தாடியை எடுக்கிற காட்சி நம்பும்படி இல்லையாம்

வெல்லமண்டி எழுதியது:

வணக்கம். மதுரையில் நடக்கிற மாதிரி ஒரு சிறுகதை எழுதி ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: "கடைசிக் காட்சி நம்பும்படி இல்லை." எது நம்பும்படி இல்லை என்று சொல்லவில்லை. அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

கதை இவ்வளவுதான். கீழமாசி வீதிப் பக்கம் வெல்ல மண்டி வைத்திருக்கிற ஒருவர். வயது 54. அண்ணனும் அவரும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம். கடைப் பங்கில் சண்டை வந்து அண்ணன் குடும்பத்தோடு தேனிக்குப் போய்விடுகிறார். அதற்கப்புறமும் கடைக்கு வருகிறவர்கள் இவரை அண்ணன் பேர் சொல்லியே கூப்பிட, அது பொறுக்காமல் தாடி வளர்க்கிறார். இருபது வருடம். "தாடிக்காரர் கடை" என்றால்தான் இப்போது ஆட்களுக்குத் தெரியும். ஒரு நாள் போய்த் தாடியை எடுத்துவிடுகிறார். அண்ணன் இறந்துபோன சேதி கடைசி வரியில்தான் வாசகருக்குத் தெரியும். அதற்கு முந்தைய பத்தி இது:

"செவ்வாய்க்கிழமை காலை. சலூனில் வேறு யாரும் இல்லை. 'எடுத்துரலாமாண்ணே?' என்றான் கடைக்காரன். அவர் தலையை ஆட்டினார். தாடியின் மேல் நுரையைப் பூசினான். கத்தி கன்னத்தில் ஒரே இழுப்பாக இறங்கியது. இருபது வருடக் கோபம் கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. பத்தே நிமிடம். கன்னத்தில் ஒரு துளி ரத்தம். அவர் நிமிர்ந்து பார்த்தார். பளபளவென்று இருந்த அந்த முகத்தில் அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்."

தயங்காமல் சொல்லுங்கள்.

பின்பெஞ்ச் எழுதியது:

அண்ணே, அவசரப்பட்டு எடுத்துடாதீங்க. இருபது வருஷம் வளர்த்தது. பக்கவாட்டில் மட்டும் குறைத்து, தினம் ராத்திரி விளக்கெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து தடவிப் பாருங்கள். என் மச்சான் அப்படித்தான் காப்பாற்றினான். எடுத்தே ஆகணும் என்றால் ஒரு போட்டோ எடுத்து வைத்துவிட்டு எடுங்கள்.

வெல்லமண்டி எழுதியது:

தம்பி, தாடி எனக்கில்லை, கதையில் வருகிறவருக்கு. எனக்கு மீசையே ஒழுங்காக வராது.

செல்லூர் சலூன் எழுதியது:

கதை விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் 26 வருஷமாகக் கத்தி பிடிக்கிறேன். உங்கள் பத்தியில் தொழில் தெரிந்தவன் ஒருத்தனும் இல்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில், செவ்வாய்க்கிழமை எந்தச் சலூன் திறந்திருக்கும்? எங்கள் தெருவில் ஒன்றும் கிடையாது. ஏசி போட்ட பெரிய கடைகள் சிலது இப்போது திறக்கிறார்கள், அது வேறு. உங்கள் தாடிக்காரர் அங்கே போகிற ஆள் மாதிரித் தெரியவில்லை.

அடுத்தது, நீளத் தாடியின் மேல் நுரை பூசிக் கத்தி வைத்தால் அந்த ஆள் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடிவிடுவார். பிளேடு முடியின் அடியை வெட்டத்தான். மேலே நீளமாக முடி தொங்கினால் கத்தி அதில் சிக்கி, வெட்டாமல் வேரோடு இழுக்கும். ஒரே இழுப்பாக எதுவும் இறங்காது. அதற்கு முதலில் கத்தரி. இடது கையால் கொத்தாகப் பிடித்து, சீப்பை அடியில் கொடுத்து நறுக்கிக்கொண்டே வர வேண்டும். அப்புறம் மிஷின். மிஷின் போனதும் மூன்று நாள் தாடி மாதிரி நிற்கும். அதற்கு மேல்தான் சவரமே. வெந்நீரில் பிழிந்த துண்டை ஐந்து நிமிஷமாவது முகத்தில் போட்டு வைப்பேன். முடி ஊறினால்தான் கத்தி வழுக்கும். பிறகு பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து நுரை, புது பிளேடை அரையாக ஒடித்து மாட்டி, முடி படிந்திருக்கிற வாக்கிலேயே ஒரு முறை. சாதாரணமாக வருகிறவர்களுக்கு இரண்டாவதாக எதிர்வாக்கிலும் போடுவோம். இவருக்குப் போட மாட்டேன். இருபது வருஷமாகக் கத்தி படாத தோல் குழந்தைத் தோல் மாதிரி. எதிர்த்து வழித்தால் அன்றைக்கு வழவழ என்று இருக்கும். நாலாம் நாள் கழுத்தெல்லாம் பருப் பருவாகக் கிளம்பும். வெட்டுப்பட்ட முடி சுருண்டு தோலுக்குள்ளேயே குத்திக்கொள்வதால் வருவது அது. சுருட்டை முடிக்காரர்களுக்கு இன்னும் அதிகம்.

எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரம் ஆகும். பத்து நிமிஷத்தில் எடுத்தவன் கடைக்குப் போகாதீர்கள்.

ரத்தம் கன்னத்தில் வராது. கன்னம் மேடு இல்லாத இடம். வெட்டுப்பட்டால் தொண்டைக் குமிழ் மேல், இல்லை முகவாய்க்கு அடியில், இல்லை தாடிக்குள் இத்தனை நாள் மறைந்திருந்த மச்சத்தின் மேல். அந்த மச்சம் இருப்பது எனக்கும் தெரியாது, பல நேரம் அவருக்கே மறந்திருக்கும்.

கடைசியாக, முகம் பளபளவென்று இருக்காது. மதுரை வெயிலில் நெற்றியும் மூக்கும் கருத்திருக்கும், தாடி இருந்த இடம் மட்டும் வெளுத்திருக்கும். முகத்தில் வேஷ்டி கட்டின மாதிரி. 54 வயதில் தாடைச் சதையும் தொங்கியிருக்கும், அதுவரை அதைத் தாடி மூடியிருக்கும். எடுத்ததும் எல்லாரும் முதலில் சொல்வது "என்னப்பா, இளைச்சுப்போன மாதிரி இருக்கு" என்பதுதான். சில பேர் சும்மாவே இருப்பார்கள், பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

சலூன்காரர் சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. முடி மாதத்துக்குச் சராசரியாக ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். இருபது வருடம் என்பது 240 மாதம். அப்படியென்றால் தாடி எட்டு அடி இருக்க வேண்டும். கதையில் தாடி எவ்வளவு நீளம் என்றே இல்லை. எட்டு அடித் தாடியோடு ஒருவர் கல்லாவில் எப்படி உட்காருவார்? சிற்றிதழ்க்காரர் இதைத்தான் நம்பும்படி இல்லை என்றிருப்பார்.

வெல்லமண்டி எழுதியது:

என் மனசில் இருந்தது நெஞ்சு வரை, ஒரு சாண். அப்பப்போ நுனியைக் கத்தரித்துக்கொள்வார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத விட்டுப்போயிற்று.

சலூன் அண்ணே, நன்றி. இந்தப் பத்தியை எழுதும்போது நான் பிடித்த ஒரே கத்தி காகிதத்தில்தான் இருந்தது.

செல்லூர் சலூன் எழுதியது:

வாத்தியார் ஐயா, கத்தரி வைக்காவிட்டாலும் எட்டு அடி வராது. ஒரு முடி என்றைக்கும் வளர்ந்துகொண்டே இருக்காது. சில வருஷம் வளரும், அப்புறம் நின்று, தானே உதிரும், அந்த இடத்தில் புதுசு முளைக்கும். என்னிடம் வருகிற ஒரு பெரியவர் தாடியில் கத்தியே வைத்ததில்லை, தலைமுடிக்கு மட்டும்தான் வருவார். தொப்புள் வரைக்கும் போய் அதோடு நின்றுவிட்டது. தினம் காலையில் சீப்பில் ஐந்தாறு வரும் என்பார்.

பழைய வாசகி எழுதியது:

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சலூன்காரர் சொன்னதையும் வாத்தியார் சொன்ன மாதம் ஒரு சென்டிமீட்டரையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு சாண் என்றால் இருபது, இருபத்திரண்டு சென்டிமீட்டர். அப்படியென்றால் அந்தத் தாடியின் நுனிக்கே வயது இரண்டு வருடத்துக்குள்தான். சண்டை போட்ட அன்றைக்கு முகத்தில் இருந்த முடி ஒன்றுகூட இப்போது இல்லை. உதிர்ந்ததும் வெட்டியதுமாக எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது.

"இருபது வருடக் கோபம் கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது" என்ற வரி எனக்கு முதலில் படித்தபோதே உறுத்தியது, ஏன் என்று தெரியவில்லை. இப்போது தெரிகிறது. மடியில் விழுந்தது போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் முளைத்தது. இந்த மனிதர் பழைய கோபத்தை வைத்துக்கொண்டிருக்கவில்லை, ஒவ்வொரு நாளும் புதிதாக வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைச் சொல்லச் சொல்லவில்லை, தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அந்த வரியை எடுத்துவிடுங்கள் போதும். முடியின் மேல் ஏற்றின பாரத்தை இறக்கினால் கதை முகத்துக்கு வரும். உங்கள் கதையே முகத்தைப் பற்றித்தானே.

இன்னொன்று. நம் ஊரில் தாடி என்றாலே வாசகர் ஒரு காரணத்தைக் கையோடு கொண்டுவந்துவிடுவார். காதல் தோல்வி, சபரிமலை மாலை, மனைவி மாசமாக இருக்கிறாள், அழகருக்கு முடி நேர்ந்திருக்கிறது. நீங்கள் சொல்லாமல் விட்டால் அவர் இதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு போவார். அண்ணன் இறந்த சேதியைக் கடைசி வரியில் வைத்தீர்களானால், வாசகர் "ஓ, கருமாதிக்கு எடுத்திருக்கிறார், பங்காளிதானே" என்று சடங்காக முடித்துவிடுவார். முதல் பத்தியிலேயே போன் வரட்டும். அதற்கப்புறமும் அவர் தாடியை எடுக்காமல் எத்தனை நாள் தள்ளுகிறார் என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

பின்பெஞ்ச் எழுதியது:

கதையா! சரி சரி, மேலே சொன்னதை விட்டுடுங்க. ஆனால் எனக்கு கடைசி வரியில் செத்துப்போனது தெரிவதுதான் பிடித்திருந்தது. திக்கென்று இருந்தது. முதலிலேயே சொன்னால் யார் படிப்பார்கள்?

பழைய வாசகி எழுதியது:

திக்கென்று ஒரு தரம் இருக்கும், தம்பி. இரண்டாம் தரம் படிக்கும்போது?

பின்பெஞ்ச் எழுதியது:

நான் எதையும் இரண்டாம் தரம் படிப்பதில்லைக்கா.

அவனியாபுரம் ராணி எழுதியது:

கதை எழுதத் தெரியாது, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் மாமனார் 15 வருஷமாகத் தாடி வைத்திருந்தார். சின்ன மாமனார் இறந்தபோது எடுத்தார். வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து என் மகள், அப்போது இரண்டரை வயது, வீலென்று கத்தி என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கிட்டே வர வர அழுகை கூடியது. பாவம், அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்பி வாசலுக்குப் போய், அங்கிருந்து "எங்க என் தங்கக்கட்டி?" என்று வழக்கமாகக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார். முகம் தெரியாமல் குரல் மட்டும் கேட்டதும் அழுகை நின்றது. ஆனால் மறுபடி உள்ளே வந்ததும் அழுதாள். இரண்டு நாள் அப்படித்தான். குரல் தாத்தா, முகம் வேறு யாரோ.

அப்புறம் இன்னொன்று. அவர் ரசம் குடிக்கும்போது இடது கையால் தாடியை ஒதுக்கிப் பிடித்துக்கொள்வார். எடுத்த பிறகும் ஒரு மாதம் அந்தக் கை வெறும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. மாமியார் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார்.

வெல்லமண்டி எழுதியது:

ராணி அக்கா, இது போதும் எனக்கு. எங்கள் மண்டியில் ஒருத்தர் தராசுக்குக் குனியும்போதெல்லாம் தாடியைச் சட்டைப் பித்தானுக்குள் சொருகிக்கொள்வார், வெல்லத்தில் படாமல் இருக்க. பார்த்திருக்கிறேன், ஆனால் கதையில் வைக்கத் தோன்றவே இல்லை.

கணக்கு வாத்தியார் எழுதியது:

எட்டு அடிக் கணக்கை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் வேறொரு கணக்கு இடிக்கிறது. அண்ணன் எவ்வளவு மூத்தவர்? இருவரும் கடைசியாகப் பார்த்துக்கொண்டது எப்போது?

வெல்லமண்டி எழுதியது:

ஐந்து வயது மூத்தவர். சண்டைக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளவே இல்லை.

கணக்கு வாத்தியார் எழுதியது:

அப்படியானால் தம்பிக்கு 34, அண்ணனுக்கு 39 இருக்கும்போது கடைசிச் சந்திப்பு. தம்பியின் மனசில் இருக்கிற அண்ணன் முகம் 39 வயது முகம். கண்ணாடியில் இப்போது தெரிவது 54 வயது முகம், அதுவும் சலூன்காரர் சொன்னபடி தாடை தொங்கி, பாதி வெளுத்தது. 54 வயதில் அண்ணன் எப்படி இருந்தார் என்று தம்பிக்குத் தெரியவே தெரியாதே. பிறகு எப்படிக் கண்ணாடியில் அண்ணனைப் பார்ப்பார்? அப்பாவைப் பார்த்தார் என்றால்கூட ஒப்புக்கொள்வேன்.

அது போகட்டும், தேனி என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? இருபது வருடத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம், காதுகுத்து, எழவு எதிலும் பார்த்துக்கொள்ளாமல் இருக்க முடியுமா?

வெல்லமண்டி எழுதியது:

வாத்தியார் ஐயா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சிற்றிதழ்க்காரர் நினைத்தது இதுதானா என்று தெரியாது. ஆனால் என் கடைசி வரி பொய்தான்.

விசேஷங்களுக்கு ஒருவர் வந்தால் மற்றவர் வரமாட்டார், பத்திரிகை வைக்கிறவர்களே நேரம் பிரித்துச் சொல்லிவிடுவார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிக் குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

பழைய வாசகி எழுதியது:

வாத்தியார் கணக்கில் ஒரு ஆளை விட்டுவிட்டார். அண்ணனை 54 வயதில் பார்த்த ஒருவர் இருக்கிறாரே. மதினி. ஐந்து வருடம் முன்னால் அந்த முகம் எப்படி இருந்தது என்று அந்த அம்மாவுக்குத் தெரியும், தினம் சோறு போட்டவர். தாடியோடு போயிருந்தால் கொழுந்தனாகப் போயிருப்பார். எடுத்துவிட்டுப் போனால்?

உங்கள் கதை சலூன் கண்ணாடியில் முடிய வேண்டாம். தேனிக்குப் பஸ் ஏற்றிவிடுங்கள். அவர் தன் முகத்தைப் பார்க்காமலே போகட்டும், யாரோடு ஒத்திருக்கிறது என்று மதினி கண்ணில்தான் அவருக்குத் தெரிய வேண்டும்.

செல்லூர் சலூன் எழுதியது:

முகத்தைப் பார்க்காமல் என் கடையிலிருந்து யாரும் போனதில்லை. முன்னாலும் கண்ணாடி, பின்னாலும் கண்ணாடி, எங்கே திரும்புவார்? பார்ப்பார், ஆனால் மச்சத்தைப் பார்ப்பார், வெட்டுக்காயத்தைப் பார்ப்பார். மொத்த முகத்தையும் முதல் நாளே பார்க்கிறவர்கள் குறைவு. இது என் அனுபவம்.

கருமாதிக்கு எடுப்பதென்றால் செவ்வாய்க்கிழமை பார்க்க மாட்டார்கள் என்றும் சொல்லலாம். முன்பெல்லாம் அது குளத்தங்கரையில், கிணற்றடியில் நடக்கும். இப்போது பாதிப் பேர் கடைக்கே வந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். கடை பூட்டியிருந்தால் என்ன செய்வார்கள் என்றால், வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவார்கள். தட்டியிருக்கிறார்கள்.

அவனியாபுரம் ராணி எழுதியது:

எங்கள் பக்கம் மூத்தவருக்காக இளையவர் எடுக்கலாம், இளையவருக்காக மூத்தவர் எடுக்கக் கூடாது என்பார்கள். என் மாமனார் எடுத்தது தம்பிக்காக. அதற்கே ஒரு பெரிய பேச்சு நடந்தது. ஆளுக்கு ஆள் மாறும் போல.

வெல்லமண்டி எழுதியது:

ஒரு வாரமாக எழுதி எழுதிக் கிழித்து இப்போது இப்படி நிற்கிறது. போன் முதல் பத்தியில் வந்துவிட்டது (பின்பெஞ்ச் தம்பி மன்னிக்க வேண்டும்). கிழமையை எடுத்துவிட்டேன். கடைசிப் பகுதி மட்டும்:

"கத்தரியும் மிஷினும் ஓய்ந்த பிறகு கடைக்காரன் வெந்நீர்த் துண்டை முகத்தில் போட்டான். அதற்குள் இருட்டாக, ஈரமாக இருந்தது. துண்டை எடுக்காமல் இருந்தால் தேவலை என்று பட்டது. கடைசியில் படிகாரத்தைத் தேய்த்தபோது முகவாய்க்கு அடியில் சுரீரென்றது. 'ஒரு மச்சம்ணே, மறைஞ்சு இருந்துச்சு' என்றான் கடைக்காரன்.

ஆரப்பாளையத்தில் தேனி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. செக்கானூரணி தாண்டியதும் காற்று கழுத்துக்குள் இறங்கியது. இருபது வருடமாகக் காற்றுப் படாத இடம். டிக்கெட் கீழே விழுந்தபோது குனிந்தார். இடது கை தானாகவே போய்ச் சட்டைப் பித்தானைத் தேடியது.

மதினி கொல்லைப்பக்கம் குண்டானைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியில் நின்றார். அவள் நிமிர்ந்து பார்த்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, 'வந்துட்டீங்களா? கை கழுவுங்க' என்றாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவரை 'வா, போ' என்றுதான் பேசியிருக்கிறாள். அவர் பதில் சொல்லாமல் நின்றார். வாயைத் திறந்தால் போய்விடும் என்று தெரிந்தது. குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

'மதினி' என்றார்.

'நீயா' என்றாள் அவள்."

பழைய வாசகி எழுதியது:

அந்த மரியாதைப் பன்மை ஒன்றே போதும். "வாயைத் திறந்தால் போய்விடும் என்று தெரிந்தது" என்ற வரி இருக்கலாமா வேண்டாமா என்று நாளைக்கு ஒரு தரம் படித்துவிட்டுச் சொல்கிறேன். "கல்யாணமாகி வந்த நாளிலிருந்து" என்ற விளக்கத்தை இங்கே வைக்காமல் முன்னாலேயே எங்காவது மதினி போனில் "நீ வருவியா, மாட்டியா" என்று கேட்கிற மாதிரி காட்டிவிட்டால் இங்கே சொல்ல வேண்டியிருக்காது.

கணக்கு வாத்தியார் எழுதியது:

நன்றாக இருக்கிறது. சில நாள் முன்னால் இறந்தவரை அந்த அம்மா அவ்வளவு எளிதாக மறந்துவிடுவாரா என்று மட்டும் கேட்கிறேன்.

அவனியாபுரம் ராணி எழுதியது:

மறக்கிறதில்லை சார். பழக்கம். என் மாமியார் மூன்று மாதம் வரைக்கும் இரண்டு டம்ளர் காபி ஆற்றினார்.

செல்லூர் சலூன் எழுதியது:

படிகாரம் சரி. மச்சத்தில் பட்டால் ரத்தம் நிற்க நேரமாகும், பஸ்ஸில் ஏறும்வரைக்கும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். அதை மதினி வீட்டு வாசலில் பிய்த்துப் போடச் சொல்லுங்கள்.

வெல்லமண்டி எழுதியது:

போட்டுவிடுகிறேன் அண்ணே. ஒரு சந்தேகம். ஒரு சாண் தாடியை எடுத்தால் கீழே முடி எவ்வளவு கிடக்கும்? கடைக்காரன் கூட்டுகிற மாதிரி ஒரு வரி வருகிறது.

செல்லூர் சலூன் எழுதியது:

இரண்டு கை அள்ளினால் முடிந்தது. மிஷின் போட்டது தூசி மாதிரி இருக்கும், அதைத்தான் கூட்ட முடியாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.